விலகிப்போனவரின் மெயில்பொக்ஸை மூடுவது: ஃபோர்வர்ட் போட்டால் போதுமா?

கல்லடிக் கந்தோர் · ஜனவரி 27, மாலை 4.10

எங்களுடையது கல்லடியில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். நிதி உத்தியோகத்தர் இந்த மாதம் 31ஆம் திகதியோடு விலகுகிறார். குடும்பத்தோடு கனடா போகிறார், மனக்கசப்பு எதுவும் இல்லை. நாங்கள் பாவிப்பது மைக்ரோசொஃப்ட் 365. பணிப்பாளர் சொல்வது இதுதான்: "அவருக்கு வாற மெயிலை என்னுடைய ஜிமெயிலுக்கு ஃபோர்வர்ட் போடுங்க, அக்கவுண்டை அழிச்சிடுங்க, லைசன்ஸ் மிச்சம்."

எனக்கு இது சரியாகப் படவில்லை. சப்ளையர்கள், வங்கி, கொடையாளர் எல்லோரும் அந்த ஒரு முகவரிக்குத்தான் வருடக்கணக்காக எழுதுகிறார்கள். ஃபோர்வர்ட் போட்டால் அவர்களுக்கு ஒரு மாற்றமும் தெரியாது, தொடர்ந்து அங்கேயே எழுதிக்கொண்டிருப்பார்கள். பிறகு எப்போது நிறுத்துவது? இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நெற்கதிர் · ஜனவரி 27, மாலை 5.02

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? அக்கவுண்டை அழித்துவிட்டு அந்த முகவரியைப் பணிப்பாளரின் அக்கவுண்டில் அலியாஸாகச் சேர்த்துவிடுங்கள். எங்கள் அரிசி ஆலையில் கூகுள்தான். மூன்று பேர் விலகினார்கள், மூன்று முகவரியும் முதலாளியின் இன்பொக்ஸுக்கே வருகிறது. காசு செலவில்லை.

சம்மாந்துறை · ஜனவரி 27, இரவு 8.40

நானும் பழைய ஜிமெயில் ஒன்றை மூட வேண்டும். பாஸ்வேர்ட் மறந்துவிட்டது, பழைய போன் நம்பரும் இல்லை. இதே முறையில் செய்யலாமா?

வாவிக்கரை · ஜனவரி 27, இரவு 9.15

சம்மாந்துறை தம்பி, இங்கே பேசுவது நிறுவனத்தின் டொமைனில் உள்ள மெயில். அதற்கு ஒரு அட்மின் இருப்பார், அவர் எதையும் மாற்றலாம். உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு அப்படி ஒருவர் கிடையாது. கூகுளின் மீட்புப் பக்கம்தான் வழி, முன்பு பாவித்த அதே போனிலிருந்து, அதே இடத்திலிருந்து முயற்சி செய்யுங்கள்.

நெற்கதிர் சொன்னது பாதி சரி. கூகுளில் அக்கவுண்டை அழித்த பிறகு அந்த முகவரியை அலியாஸாக வைக்கலாம், அதற்குத் தனி லைசன்ஸ் தேவையில்லை. ஆனால் அலியாஸுக்கென்று தனியாக ஒட்டோ ரிப்ளை கிடையாது, எழுதுகிறவருக்கு ஆள் விலகியது தெரியவே வராது. அப்புறம், பழைய மெயில் எல்லாம் அக்கவுண்டோடு போய்விடும். அழித்த அக்கவுண்டைத் திரும்ப எடுக்க 20 நாள்தான். அந்த 20 நாளுக்குள்ளும் அதே முகவரி வேறொருவரின் அலியாஸாக இருந்தால், முதலில் அலியாஸை எடுத்த பிறகே மீட்க முடியும்.

தங்கச்சி, உங்கள் கேள்விக்கு நாளை ஆறுதலாக எழுதுகிறேன். அதுவரை அக்கவுண்டை அழிக்க விடாதீர்கள். லைசன்ஸையும் கழற்ற விடாதீர்கள்.

வாவிக்கரை · ஜனவரி 28, காலை 6.50

முதலில் பணிப்பாளரின் ஜிமெயில் விடயம். மைக்ரோசொஃப்ட் 365இல் வெளி முகவரிக்குத் தானாக ஃபோர்வர்ட் ஆவது இப்போது இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கிறது. அப்படிப் போட்டால், மெயில் அனுப்பிய சப்ளையருக்கு 550 5.7.520 என்று தொடங்கும் பிழைக் கடிதம் திரும்பிப் போகும். அவருக்கு அதில் ஒன்றும் விளங்காது. நீங்கள் தன்னைத் தடுத்துவிட்டதாக நினைப்பார். அட்மின் அந்தத் தடையை எடுக்கலாம், ஆனால் எடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. நிறுவனத்தின் வங்கிக் கடிதங்கள் ஒரு தனியாளின் ஜிமெயிலில் போய்ச் சேர்ந்தால், நாளை அந்தப் பணிப்பாளரே விலகும்போது என்ன செய்வீர்கள்?

லைசன்ஸ் மிச்சம் பிடிக்க வேறு வழி இருக்கிறது. அவருடைய மெயில்பொக்ஸை ஷெயார்ட் மெயில்பொக்ஸாக மாற்றுங்கள். 50 ஜிபிக்குள் இருந்தால் அதற்கு லைசன்ஸ் தேவையில்லை. முதலில் மாற்ற வேண்டும், பிறகுதான் லைசன்ஸை எடுக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் 30 நாளில் மெயில்பொக்ஸ் அழிந்துவிடும். இன்னொன்று, மாற்றிய பிறகும் அந்த யூசர் அக்கவுண்டை அழிக்காதீர்கள். ஷெயார்ட் மெயில்பொக்ஸ் அந்த அக்கவுண்டில்தான் நிற்கிறது. உள்நுழைவை மட்டும் தடுத்து, பாஸ்வேர்டை மாற்றி, ஏற்கனவே திறந்திருக்கும் செஷன்களையும் வெளியேற்றிவிடுங்கள். பாஸ்வேர்ட் மாற்றியும் பழைய போனில் சிறிது நேரம் மெயில் வந்துகொண்டிருப்பது இந்தக் கடைசி வேலையை விட்டுவிடுவதால்தான்.

மாற்றுவதற்கு முன் இந்த இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்:

```
Get-InboxRule -Mailbox nithi@example.org | fl Name,ForwardTo,RedirectTo,ForwardAsAttachmentTo
Get-Mailbox nithi@example.org | fl Forwarding*,DeliverToMailboxAndForward
```

விலகுகிறவர் எப்போதோ தன் வசதிக்காகப் போட்ட ரூல் ஏதாவது இருந்தால் இதில் தெரியும். கெட்ட எண்ணத்தோடு போட்டிருக்க வேண்டும் என்றில்லை. வீட்டிலிருந்து வேலை செய்த காலத்தில் பலரும் தங்கள் சொந்த மெயிலுக்கு ஒரு பிரதி போகும்படி வைத்தார்கள். ஆள் போன பிறகும் அந்த ரூல் தன் பாட்டில் இயங்கும்.

கல்லடிக் கந்தோர் · ஜனவரி 28, பகல் 12.20

நன்றி அண்ணன். ஓட்டிப் பார்த்தேன். "வங்கி" என்ற பெயரில் ஒரு ரூல், வங்கி அனுப்பும் எல்லாவற்றையும் அவருடைய சொந்த ஜிமெயிலுக்குத் திருப்புகிறது. அவரையே கூப்பிட்டுக் கேட்டேன். ஊரடங்குக் காலத்தில் போட்டது, மறந்தே போய்விட்டது என்றார். இருவரும் சேர்ந்தே அழித்தோம். அவர் இன்னும் இங்கே இருக்கும்போது பார்த்தது நல்லதாயிற்று. ஆள் போன பிறகு கண்டுபிடித்திருந்தால் வீணான சந்தேகம் வந்திருக்கும்.

இப்போது என் கேள்வி: ஷெயார்ட் மெயில்பொக்ஸாக மாற்றி எனக்கு முழு அனுமதி தந்தால் நானே திறந்து பார்க்கலாம்தானே? பிறகு ஃபோர்வர்ட் எதற்கு?

விலகியவள் · ஜனவரி 28, இரவு 10.05

இதற்கு நான் பதில் சொல்லலாம், ஏனென்றால் நான் மறுபக்கத்தில் இருந்தவள்.

மட்டக்களப்பில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்தேன், பெயர் வேண்டாம். விலகிப் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு பயிற்சியாளர் என்னிடம் "நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது" என்றார். நான் ஒன்றும் அனுப்பவில்லை. என் பழைய மெயில்பொக்ஸை ஒருவர் திறந்து, என் பெயரிலேயே, என் கையெழுத்து வரிகளோடு பதில் எழுதிக்கொண்டிருந்தார். அது மட்டுமல்ல. என் அம்மாவின் சத்திரசிகிச்சை பற்றி லீவுக்கு எழுதியது, வங்கிக் கடனுக்குக் கேட்ட சம்பளக் கடிதம், ஒரு சக ஊழியர் தன் வீட்டுப் பிரச்சினையை எனக்கு எழுதியது, எல்லாம் அதற்குள் இருந்தன. யார் என்னென்ன வாசித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வேலை மெயில் நிறுவனத்துடையது என்பார்கள். சரி. ஆனால் எனக்கு எழுதியவர் எனக்கென்று நினைத்துத்தான் எழுதினார். புதிதாக வருவதை ஒருவர் பார்ப்பது வேறு, பல வருடக் கடிதங்களை ஒருவர் மேய்வது வேறு.

வாவிக்கரை · ஜனவரி 29, காலை 7.10

மேலே சகோதரி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. முழு அனுமதி தந்தால், வாசிக்க வேண்டியவருக்கு நாளை வரப்போகும் சப்ளையர் பில்லோடு சேர்த்து, போன ஐந்து வருடமும் கிடைத்துவிடும். ஃபோர்வர்டில் இன்று முதல் வருவது மட்டும்தான் கிடைக்கும். அதனால்தான் நான் ஃபோர்வர்டைச் சொல்கிறேன், ஆனால் நிறுவனத்துக்கு உள்ளேயே, பெயர் குறிப்பிட்ட ஒருவருக்கு:

```
Set-Mailbox nithi@example.org -Type Shared
Set-Mailbox nithi@example.org -ForwardingAddress kalladi@example.org -DeliverToMailboxAndForward $true
```

கடைசியில் `$true` என்று இருப்பதைக் கவனியுங்கள். அப்போதுதான் பிரதி ஒன்று பழைய மெயில்பொக்ஸிலும் தங்கும். அங்கே மெயில் வந்து விழாவிட்டால் ஒட்டோ ரிப்ளையும் போகாது. பலர் ஃபோர்வர்டை மட்டும் போட்டுவிட்டு "ஒட்டோ ரிப்ளை வேலை செய்யுதில்லை" என்று என்னைக் கூப்பிடுவார்கள், பார்த்தால் இதுதான் காரணமாக இருக்கும்.

பழைய கடிதம் ஒன்று உண்மையாகவே தேவைப்பட்டால், இன்ன திகதி, இன்ன சப்ளையர், இன்ன பில் என்று எழுதிக் கேட்கட்டும். அட்மினும் இன்னொருவரும் சேர்ந்திருந்து அதை மட்டும் தேடி எடுக்கட்டும். மெயில்பொக்ஸைத் திறந்து கையில் கொடுக்க வேண்டியதில்லை.

ஃபோர்வர்டாகி வரும் மெயிலுக்கு நீங்கள் பதில் எழுதினால் அது எழுதியவருக்கே போகும், உங்கள் பெயரில் போகும். அப்படித்தான் இருக்க வேண்டும். விலகியவர் பெயரில் அனுப்பும் Send As அனுமதியை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

நெற்கதிர் · ஜனவரி 29, காலை 9.30

எங்கள் முதலாளி யாருடைய மெயிலையும் பார்ப்பார். இலங்கையில் இதற்கெல்லாம் சட்டம் இருக்கா?

வாவிக்கரை · ஜனவரி 29, காலை 9.55

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எந்தத் தேவைக்காகத் தரவைக் கையாளுகிறோம், அந்தத் தேவைக்கு மேலே போகிறோமா என்பதுதான் அதன் அடிப்படைக் கேள்வி.

கல்லடிக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐரோப்பியக் கொடையாளரிடம் பணம் வாங்கும் நிறுவனங்களிடம் அவர்கள் இப்போது தரவுக் கொள்கை கேட்கிறார்கள். பெல்ஜியத்தின் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2020 செப்டம்பரில் ஒரு நிறுவனத்துக்கு 15,000 யூரோ தண்டம் விதித்தது. விலகிய முகாமைப் பணிப்பாளரின் மெயில் முகவரியை இரண்டு வருடத்துக்கு மேல் உயிரோடு வைத்திருந்தார்கள் என்பதுதான் குற்றம். ஆள் விலகும் நாளோடு மெயில்பொக்ஸை நிறுத்தி, ஒரு மாதம் ஒட்டோ ரிப்ளை வைக்கலாம், பொறுப்பான பதவி என்றால் காரணம் காட்டி மூன்று மாதம் வரை நீட்டலாம் என்றும் சொன்னார்கள். அது நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனால் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

அறுகம்பை · ஜனவரி 29, இரவு 11.20

மூன்று மாதமா? எங்களுக்கு அது ஒத்துவராது. பொத்துவில் பக்கம் ஒரு விருந்தினர் விடுதி நடத்துகிறோம். புக்கிங் பார்த்த பையன் ஒக்டோபரில் விலகினான். சீசன் முடிந்து எல்லாம் அமைதி. நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதமும் அவன் முகவரிக்கு வந்தது சொற்பம். ஆனால் அலை தொடங்குவது ஏப்ரல், மேயில்தானே. போன வருடம் தங்கின வெள்ளைக்காரர்கள் மார்ச்சில்தான் "அதே அறை கிடைக்குமா" என்று பழைய மெயிலுக்கே பதில் போடுவார்கள். மூன்று மாதத்தில் மூடினால் அவ்வளவும் போய்விடும்.

இப்போது சிபேனலில் டொமைனுக்கு வரும் எல்லா மெயிலும் ஒரே பெட்டியில் விழுகிற மாதிரி வைத்திருக்கிறோம். எதுவும் தவறாது.

வாவிக்கரை · ஜனவரி 30, காலை 6.40

நானா, நீங்கள் சொன்ன சீசன் கணக்கு முக்கியமானது. கால அளவை நாட்காட்டி பார்த்து வைக்கக்கூடாது, அந்தப் பதவிக்கு யார் எப்போது எழுதுகிறார்கள் என்று பார்த்துத்தான் வைக்க வேண்டும். ஆனால் உங்களுக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது. போன சீசன் விருந்தாளிகளின் பட்டியல் உங்கள் புக்கிங் கொப்பியிலேயே இருக்குமே. ஜனவரியிலேயே புதிய முகவரியிலிருந்து அவர்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள். காத்திருக்கத் தேவையில்லை.

எல்லாம் ஒரே பெட்டியில் விழுவதுதான் எனக்குப் பயம். அதில் குப்பை வெள்ளமாக வரும், அதற்குள் உண்மையான கடிதம் ஒன்று இருந்தால் யார் பார்ப்பார்? "எதுவும் தவறாது" என்பது பெட்டிக்குத்தான் பொருந்தும். முகவரி பிழை என்று மெயில் திரும்பிப் போனால், அனுப்பியவர் வட்ஸ்அப்பிலாவது உங்களைப் பிடிப்பார். திரும்பிப் போகாமல் பெட்டிக்குள் விழுந்து கிடந்தால், நீங்கள் பதில் தரவில்லை என்று அடுத்த விடுதிக்குப் போய்விடுவார். சிபேனலில் Default Address பக்கத்தில் மெயிலை அனுப்பியவருக்கே பிழையோடு திருப்பும் தெரிவு இருக்கிறது, அதைப் போடுங்கள்.

அறுகம்பை · ஜனவரி 30, காலை 8.00

கடிதம் போடுவது நல்ல யோசனை, இன்றைக்கே தொடங்குகிறேன். பெட்டியை மாற்றுவது பற்றி இன்னும் மனம் ஒப்பவில்லை. பெயரை எழுத்துப்பிழையோடு எழுதுகிற விருந்தாளிகள் எங்களுக்கு நிறைய.

கல்லடிக் கந்தோர் · ஜனவரி 31, மாலை 6.30

இன்று அவருடைய கடைசி நாள். கேக் வெட்டினோம். அதற்கு முன் காலையில் இரண்டு மணித்தியாலம் அவரே தன் மெயில்பொக்ஸில் உட்கார்ந்து சொந்தக் கடிதங்களைப் பிரித்து எடுத்துக்கொண்டார். நான் பக்கத்தில் இருக்கவில்லை. பிறகு ஒரு தாளில் மூன்று விடயம் எழுதி இருவரும் ஒப்பமிட்டோம்: இனி வருவதைப் பார்ப்பவர் நான், என் பெயர் போட்டு. சொந்தக் கடிதம் வந்தால் அனுப்ப வேண்டிய அவருடைய முகவரி. முடியும் திகதி ஏப்ரல் 30.

பணிப்பாளர் தான்தான் பார்க்க வேண்டும் என்று கடைசிவரை நின்றார். பில்லை அங்கீகரிப்பவர் நீங்கள், பில்லை முதலில் பெறுபவரும் நீங்களாகவே இருந்தால் ஓடிட்டர் கேட்பார் என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

ஒட்டோ ரிப்ளை இதுதான். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் போட்டேன், அம்பாறைச் சப்ளையர்கள் சிலர் சிங்களத்தில்தான் எழுதுவார்கள்.

"நீங்கள் எழுதியவர் இப்போது இந்த நிறுவனத்தில் பணியாற்றவில்லை. இந்த முகவரி ஏப்ரல் 30உடன் மூடப்படும். கணக்கு, கொடுப்பனவு தொடர்பாக accounts@example.org முகவரிக்கு எழுதுங்கள். அதுவரை இங்கே வரும் கடிதங்களை எங்கள் நிர்வாகப் பிரிவில் ஒருவர் பார்க்கிறார். தனிப்பட்ட கடிதமென்றால் தயவுசெய்து இங்கே அனுப்ப வேண்டாம்."

வாவிக்கரை · ஜனவரி 31, இரவு 9.00

நன்றாக இருக்கிறது. எங்கே போகிறார், யார் புதிதாக வருகிறார் என்று எழுதாதது சரி. நிதிப் பொறுப்பில் ஆள் மாறுகிற நேரம் மோசடிக்காரருக்கு வாய்ப்பான நேரம். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, அடுத்த கொடுப்பனவை இதில் போடுங்கள்" என்று சப்ளையர் பெயரில் ஒரு கடிதம் வரலாம். பழைய ஆளுக்கு அந்தச் சப்ளையரின் எழுத்து நடை தெரியும், உங்களுக்குத் தெரியாது. கணக்கிலக்கம் மாறுகிறது என்று எது வந்தாலும், உங்களிடம் பழைய பில்லில் இருக்கும் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். கடிதத்தில் இருக்கும் இலக்கத்துக்கு எடுக்காதீர்கள்.

வெளியாட்களுக்கான ஒட்டோ ரிப்ளை தனியாக இருக்கிறது, அதையும் போட்டீர்களா? உள்ளே உள்ளவர்களுக்கு மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. உங்கள் சொந்த ஜிமெயிலிலிருந்து ஒன்று அனுப்பிப் பாருங்கள்.

கல்லடிக் கந்தோர் · ஜனவரி 31, இரவு 9.20

அனுப்பினேன், உடனே பதில் வந்தது. திரும்ப அனுப்பினேன், வரவில்லை. ஏதும் உடைந்துவிட்டதா?

வாவிக்கரை · ஜனவரி 31, இரவு 9.25

இல்லை, அது அப்படித்தான். எக்ஸ்சேஞ்ச் ஓர் ஆளுக்கு ஒருதரம்தான் பதில் சொல்லும். ஜிமெயிலில் நான்கு நாளுக்குப் பிறகு அதே ஆள் எழுதினால் இன்னொருதரம் சொல்லும், இங்கே அது கிடையாது. ஒட்டோ ரிப்ளையை நிறுத்தித் திரும்பப் போட்டால் அந்தப் பட்டியல் அழிந்து எல்லோருக்கும் புதிதாகப் போகும். ஏப்ரல் தொடக்கத்தில் அதைச் செய்யுங்கள், முதல் பதிலைக் கவனிக்காதவர்களுக்கு மூடும் நேரத்தில் இன்னொரு அறிவித்தல் கிடைக்கும்.

கல்லடிக் கந்தோர் · பெப்ரவரி 14, காலை 10.45

இரண்டு வாரக் கணக்கு. வரும் ஒவ்வொன்றையும் ஒரு எக்செல் தாளில் குறிக்கிறேன்: யார், என்ன விடயம், நான் செய்தது, திரும்ப எழுதினாரா. உள்ளடக்கத்தை எழுதுவதில்லை.

முதல் சில நாட்களில் வந்ததில் பாதி எங்களுடைய சொந்தக் கடிதங்களே. எல்லா ஊழியருக்கும் போகும் குழுவில் அவர் இன்னும் இருந்தார். குழுக்களிலிருந்து எடுத்ததும் அந்தச் சத்தம் நின்றது. எரிபொருள் நிலையமும் காகிதாதிக் கடையும் ஒட்டோ ரிப்ளையைப் பார்த்து உடனே accounts முகவரிக்கு மாறிவிட்டார்கள். வாழைச்சேனைச் சப்ளையர் ஒருவர் மாறவில்லை, தொலைபேசியில் சொன்னேன், "நாளைக்கு மாத்துறேன்" என்கிறார்.

நான் எதிர்பார்க்காதது மனிதர் எழுதாத கடிதங்கள். கொடையாளரின் மானியத் தளத்திலிருந்து "உங்கள் பாஸ்வேர்ட் காலாவதியாகிறது" என்று வந்தது. வங்கியின் இணையச் சேவையிலிருந்து மாதக் கூற்று வந்தது. எங்கள் டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லியும் ஒன்று வந்தது, அதுகூட அவருடைய முகவரியில்தான் பதிவாகியிருக்கிறது. இவற்றுக்கு ஒட்டோ ரிப்ளை போய் என்ன பயன், அந்தப் பக்கம் வாசிக்க ஆளில்லையே.

வாவிக்கரை · பெப்ரவரி 14, பகல் 1.30

இதற்காகத்தான் ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்கிறேன். விலகியவர் ஒப்படைப்புப் பட்டியல் எழுதும்போது நினைவில் இருப்பதைத்தான் எழுதுவார். எந்தெந்தத் தளத்தில் அந்த முகவரி லொகினாக இருக்கிறது என்பது வரும் கடிதத்தில்தான் தெரியவரும். மெயிலை வாசித்துப் பதில் சொல்வதைவிட அந்த லொகின்களை ஒவ்வொன்றாக மாற்றுவதுதான் இந்த மூன்று மாதத்தின் உண்மையான வேலை.

டொமைனை முதலில் பாருங்கள். அது காலாவதியானால் எல்லோருடைய மெயிலும் நிற்கும். வேறொருவர் அதை வாங்கிவிட்டால், உங்கள் பழைய முகவரிகளை அவர் உருவாக்கி, அந்தத் தளங்களில் "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" என்று அழுத்தினாலே போதும்.

கல்லடிக் கந்தோர் · பெப்ரவரி 26, மாலை 5.15

டொமைன் மாற்றியாயிற்று, accounts முகவரிக்கு. கொடையாளர் தளமும் மாறியது. அவர்களுக்கு எங்கள் தலைப்புத் தாளில் ஒரு கடிதம் போதுமாக இருந்தது. வங்கிதான் இழுக்கிறது. கையொப்பமிடும் இருவரும் நேரில் வந்து படிவம் நிரப்ப வேண்டுமாம். அதில் ஒருவர் கொழும்பில்.

நேற்று ஒரு கடிதம். ஆய்வுகூடம் ஒன்றிலிருந்து, அவருடைய பெயரில். தலைப்பைப் பார்த்ததும் திறக்காமல் அவர் தந்த முகவரிக்கு அனுப்பினேன். என் இன்பொக்ஸிலிருந்து அழித்தேன். பழைய மெயில்பொக்ஸில் இருக்கும் பிரதியை அழிக்க எனக்கு அனுமதி இல்லை, அட்மினிடம் சொல்லி அழிப்பித்தேன். தாளில் "தனிப்பட்டது, அனுப்பப்பட்டது" என்று மட்டும் குறித்தேன்.

விலகியவள் · பெப்ரவரி 26, இரவு 9.50

இதை வாசிக்க ஆறுதலாக இருக்கிறது. ஒரு வேண்டுகோள்: அந்தத் தாளில் அவரைப் பற்றிய வரிகளை அவருக்கு ஒருமுறை காட்டுங்கள். என்ன வந்தது என்று தெரிந்தாலே போதும், எனக்கு அதுதான் கிடைக்கவில்லை.

கல்லடிக் கந்தோர் · பெப்ரவரி 27, காலை 8.30

காட்டுகிறேன். ஏன் முதலிலேயே ஒப்பமிட்ட தாளில் அதைச் சேர்க்கக்கூடாது என்று இப்போது யோசிக்கிறேன். அடுத்தமுறை சேர்ப்பேன்.

நெற்கதிர் · மார்ச் 19, இரவு 8.15

ஒரு விடயம் சொல்ல வேண்டும். முதலாளியின் இன்பொக்ஸில் மூன்று அலியாஸ் இருக்கிறது என்றேன் இல்லையா, அதில் ஒன்றுக்கு விதைநெல் நிறுவனத்தின் விலைமனு வந்திருக்கிறது. முதலாளி அவ்வளவு மெயிலும் பார்ப்பதில்லை. அவர்கள் தொலைபேசியில் கேட்ட பிறகுதான் தேடி எடுத்தோம், விலைமனுத் திகதி முடிந்துவிட்டது. கூகுளில் அந்த முகவரியை ஒரு குழுவாக மாற்றலாம் என்கிறார்களே, அதில் ஒட்டோ ரிப்ளை போடலாமா?

வாவிக்கரை · மார்ச் 19, இரவு 9.30

போடலாம். அலியாஸை எடுத்துவிட்டு அதே முகவரியில் ஒரு குழு உருவாக்குங்கள். குழுவுக்கு லைசன்ஸ் தேவையில்லை. இரண்டு விடயம் கவனியுங்கள். வெளியாட்கள் குழுவுக்கு எழுத அனுமதி இயல்பாக இருக்காது, "யாரும் எழுதலாம்" என்று திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சப்ளையரின் கடிதம் திரும்பிப் போகும். அப்புறம், குழுவில் முதலாளியைப் போடாமல், உண்மையாகவே வாசிக்கக்கூடிய ஒருவரைப் போடுங்கள்.

யாராவது அக்கவுண்டை இடைநிறுத்தினால் போதும் என்று சொன்னால் நம்பாதீர்கள். கூகுளில் இடைநிறுத்திய அக்கவுண்டுக்குப் புது மெயில் வராது, ஒட்டோ ரிப்ளையும் போகாது, லைசன்ஸ் காசு மட்டும் போகும்.

கல்லடிக் கந்தோர் · ஏப்ரல் 9, மாலை 3.40

ஒட்டோ ரிப்ளையை நிறுத்தித் திரும்பப் போட்டேன். வாழைச்சேனைக்காரர் இரண்டாவது அறிவித்தலைப் பார்த்து மாறிவிட்டார்.

புத்தாண்டுக்கு நான் லீவு. அந்த நாட்களில் பார்ப்பவர் யார் என்று யாரும் யோசித்திருக்கவில்லை. ஃபோர்வர்டை இன்னொரு சக ஊழியருக்கு மாற்றி, அவர் பெயரையும் திகதிகளையும் அந்தத் தாளின் கீழே எழுதி ஒப்பம் வாங்கினேன். விலகியவருக்கும் அறிவித்தேன். "நீங்கள் பார்த்தாலும் அவர் பார்த்தாலும் எனக்குச் சரி, கேட்டதற்கு நன்றி" என்று எழுதினார்.

இப்போது ஒரு சிக்கல். எங்கள் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஓடிட்டர்கள் மே மாதம்தான் தொடங்குவார்கள். போன வருடக் கேள்விகளை அவர்கள் அவருடைய முகவரிக்கே அனுப்பினார்கள். ஏப்ரல் 30இல் மூடலாமா?

அறுகம்பை · ஏப்ரல் 9, மாலை 6.00

பார்த்தீர்களா, நான் சொன்ன சீசன் கதைதான் இது.

வாவிக்கரை · ஏப்ரல் 9, இரவு 8.45

அதேதான். ஆனால் நானாவுக்குச் சொன்ன பதில்தான் இங்கேயும். உங்களுக்கு ஓடிட்டர் யாரென்று தெரியும், ஒரே ஒரு நிறுவனம். இன்றைக்கே எழுதுங்கள். வரக்கூடிய ஒருவருக்காகக் கதவை இன்னும் இரண்டு மாதம் திறந்து வைக்கத் தேவையில்லை. வங்கி முடிந்ததா?

கல்லடிக் கந்தோர் · ஏப்ரல் 9, இரவு 9.05

இல்லை. படிவம் கொடுத்தாயிற்று, "பரிசீலனையில்" என்கிறார்கள். ஓடிட்டருக்கு எழுதிவிட்டேன்.

வாவிக்கரை · ஏப்ரல் 10, காலை 7.00

அப்படியானால் வங்கிக்காக மட்டும் நீட்டுங்கள், காரணத்தை எழுதி, ஒரு திகதி போட்டு. மற்ற எல்லாரையும் ஏப்ரல் 30இல் திருப்பி அனுப்பலாம். மெயில்பொக்ஸைத் தொடாமல், வாசலிலேயே மறுக்கும் ரூல் ஒன்று:

```
New-TransportRule "Nithi closed" -SentTo nithi@example.org -ExceptIfSenderDomainIs bank.example -RejectMessageReasonText "Address closed. Please write to accounts@example.org"
```

bank.example இருக்கும் இடத்தில் வங்கி உண்மையில் எந்த டொமைனிலிருந்து அனுப்புகிறதோ அதைப் போடுங்கள். சில வங்கிகளின் கூற்றுகள் வேறொரு பெயரிலிருந்து வரும், உங்கள் தாளைப் பார்த்துச் சரிபாருங்கள். எழுதுகிறவருக்குத் திரும்பும் பிழைக் கடிதத்தில் புதிய முகவரி இருக்கும். உள்ளே இருக்கும் பழைய கடிதங்கள் அப்படியே இருக்கும். முகவரியும் உங்கள் கையிலேயே இருப்பதால் பிறகு அதே பெயரில் வேறொருவர் வந்தாலும் தவறுதலாக அவருக்குப் போகாது.

கல்லடிக் கந்தோர் · மே 2, காலை 11.10

ரூல் ஏப்ரல் 30 மாலை போட்டேன். என் ஜிமெயிலிலிருந்து சோதித்தேன், சில நிமிடத்தில் பிழைக் கடிதம் வந்தது, accounts முகவரி அதில் தெளிவாகத் தெரிகிறது. ஏப்ரல் பிற்பாதியில் தாளில் விழுந்தது வங்கிக் கூற்றும் விளம்பரங்களும்தான். மனிதர் எழுதிய கடிதம் புத்தாண்டுக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

கல்லடிக் கந்தோர் · மே 23, மாலை 4.30

வங்கி மாறிவிட்டது. இந்த மாதக் கூற்று accounts முகவரிக்கு வந்தது. ரூலில் வங்கிக்கு இருந்த விலக்கை எடுத்து, ஃபோர்வர்டையும் எடுத்தேன். விலகியவருக்குத் தாளின் பிரதி போய்விட்டது.

மிச்சம் ஒன்றுதான். உள்ளே இருக்கும் பழைய கடிதங்களை எவ்வளவு காலம் வைப்பது? பணிப்பாளர் எப்போதும் இருக்கட்டும் என்கிறார். கொடையாளர் ஒப்பந்தத்தில் திட்ட ஆவணங்களுக்கு 7 வருடம் என்று இருக்கிறது. விலகியவர் ஒரு வருடத்தில் அழித்துவிடச் சொல்லிக் கேட்கிறார்.

வாவிக்கரை · மே 23, இரவு 8.20

ஒப்பந்தம் கேட்பது திட்ட ஆவணங்களை. பில், ஒப்புதல், கொடுப்பனவுக் கடிதங்களைத் தனியாக எடுத்துத் திட்டக் கோப்பில் போட்டால் 7 வருடம் அங்கே இருக்கும். மீதியை ஓடிட் முடிந்ததும் அழிக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் பிரித்து எடுப்பதற்கு யாராவது அதைத் திறந்து பார்க்க வேண்டுமே, அதை யார் செய்வது?

விலகியவள் · மே 23, இரவு 9.40

அவரையே கேளுங்கள். கனடாவிலிருந்து திரை பகிர்ந்து, அட்மின் பக்கத்தில் இருக்க, அவரே பிரித்துத் தரட்டும். நிறுவனம் அந்த நேரத்துக்குக் காசு கொடுக்கட்டும்.

நெற்கதிர் · மே 24, காலை 7.30

விலகின ஆளுக்குக் காசு கொடுத்து வேலை வாங்குவதை எங்கள் முதலாளி ஒத்துக்கொள்ளமாட்டார்.

கல்லடிக் கந்தோர் · மே 24, காலை 9.00

எங்கள் பணிப்பாளரிடம் திங்கட்கிழமை கேட்கிறேன்.